ஆற்றில் தண்ணீர் வருவதற்குள்: ஒரு சிறு பாலத்தின் டொர்னாடோ வரைபடம்

2022 டிசம்பரில், காவிரி டெல்டாவில் ஓர் ஆற்றின் குறுக்கே நாங்கள் கட்டவிருந்த சிறு பாலத்துக்கான மதிப்பீட்டுக் கூட்டத்தில் பாதி நேரம் கம்பி விலையைப் பற்றியே பேசினோம். டன் 62,000 ரூபாய் என்று போட்டிருந்தோம். அது 70,000 ஆனால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. விலை தினமும் செய்தித்தாளில் வருகிறது, ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயமும் அங்கேதான் குவிந்தது. திட்டமிடல் பொறியாளர் என்ற முறையில் எனக்கு அந்தக் கூட்டம் போன போக்கு உறுத்தியது. இந்தப் பாலத்தில் நமக்கு உறுதியாகத் தெரியாதவை குறைந்தது ஏழு இருந்தன. அவற்றில் எது உண்மையில் பணத்தை அசைக்கும், எது நாட்களை அசைக்கும் என்று ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

பாலத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். தலா 20 மீட்டரில் மூன்று கண்கள். இரு கரையிலும் ஒவ்வொரு கரைத்தாங்கி, ஆற்றுக்குள் இரண்டு தூண்கள். இவற்றைத் தாங்க, மண்ணைத் துளைத்துக் கான்கிரீட் நிரப்பிச் செய்யும் பைல்கள்: கரைத்தாங்கிக்கு எட்டு, தூணுக்கு ஆறு என மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டம், 22 மீட்டர் ஆழம். இருபுறமும் அணுகுசாலைக்கு 12,000 கனமீட்டர் மண் கொட்ட வேண்டும். அடிப்படை மதிப்பீடு 520 லட்சம். வடிவமைப்பும் எங்களுடையதே என்ற மொத்தத்தொகை ஒப்பந்தம் என்பதால், பைல் ஆழமாகப் போனால் அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழும்.

இதற்குத்தான் டொர்னாடோ வரைபடம்: உறுதியில்லாத ஒவ்வொரு உள்ளீடும் மாறினால் மொத்தம் எவ்வளவு மாறும் என்பதைப் பட்டைகளாக வரைந்து, நீளமானதை மேலே வைப்பது. முதலில் எங்கள் அலுவலகத்தில் ஓர் இளம் பொறியாளர் போட்டுக் கொடுத்த வரைபடத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் இருந்த தவறு மிகப் பரவலானது. அவர் எல்லா உள்ளீடுகளையும் ஒரே மாதிரி பத்து சதவீதம் ஏற்றியும் பத்து சதவீதம் இறக்கியும் பார்த்திருந்தார். பைல் ஆழத்துக்கு 18.5 லட்சம் வீச்சு, கூலிக்கு 18 லட்சம், கம்பிக்கு 14.9 லட்சம், மண்ணுக்கு 8.4 லட்சம் என்று வந்தது. வீச்சு என்றால் கீழ் எல்லையில் வரும் மொத்தச் செலவுக்கும் மேல் எல்லையில் வரும் மொத்தச் செலவுக்கும் உள்ள இடைவெளி. வரைபடம் சூறாவளியின் புனல் போல மேலே அகன்று கீழே குறுகி அழகாகவே இருந்தது. ஆனால் அது சொன்னது என்ன? மதிப்பீட்டில் பெரிய தொகை உள்ள உருப்படி மேலே, சிறிய தொகை உள்ளது கீழே, அவ்வளவுதான். எல்லாவற்றையும் பத்து சதவீதம் அசைத்தால் ஒவ்வொரு பட்டையின் நீளமும் அந்த உருப்படியின் தொகையில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும். அதற்கு வரைபடமே வேண்டாம், மதிப்பீட்டுத் தாளைத் தொகைவாரியாக வரிசைப்படுத்தினால் போதும்.

பட்டையின் நீளத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த உள்ளீடு ஓர் அலகு மாறினால் செலவு எவ்வளவு மாறும் என்பது ஒன்று. அந்த உள்ளீடு உண்மையில் எவ்வளவு மாறக்கூடும் என்பது மற்றொன்று. பத்து சதவீத முறையில் இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை. கூலி பத்து சதவீதம் குறையவே குறையாது, பைல் ஆழமோ பத்து சதவீதத்தோடு நிற்காது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் வரிசை தவறாகத்தான் வரும்.

ஆகவே ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அதைத் தெரிந்தவரிடம் போய் இரண்டு எண்களைக் கேட்டோம். கேட்ட விதம் முக்கியம். "அதிகபட்சம் எவ்வளவு?" என்று கேட்டால் சிலர் நடக்கவே நடக்காத எண்ணைச் சொல்வார்கள், சிலர் மதிப்பீட்டில் உள்ள எண்ணை ஒட்டியே சொல்வார்கள். அதனால் எங்கள் எண்ணைக் காட்டாமல், "இது போன்ற பத்து வேலைகளில் ஒன்றில் மட்டும் எந்த அளவைத் தாண்டும்? பத்தில் ஒன்றில் மட்டும் எதற்குக் கீழே போகும்?" என்று கேட்டோம். மேல் எல்லையை முதலில், கீழ் எல்லையை அடுத்து. ஏழு உள்ளீடுகளுக்கும் எல்லைகள் ஒரே பொருளில் இருந்தால்தான் பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

பைல் ஆழத்துக்கு எங்களிடம் இருந்தது இடக்கரையில் போட்ட ஒரே ஓர் ஆய்வுத்துளை. அதில் 20 மீட்டருக்குக் கீழே இறுகிய மணல். டெல்டா மண்ணில் களியும் மணலும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். ஒரு கரையில் உள்ள அடுக்கு எதிர்க்கரையிலும் அதே ஆழத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் பைல் துளையிடும் ரிக் ஓட்டிய மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்தப் பக்கம் நீங்கள் போட்ட பைல்களில் 22 மீட்டரைத் தாண்டியது உண்டா?"

"இதே ஆற்றில் மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு பாலம் இருக்கிறது சார். அங்கேயும் வரைபடத்தில் 22 என்றுதான் கொடுத்தார்கள். 19-ல் களி வந்தது. 26 வரை களி விடவே இல்லை. 29-ல்தான் நிறுத்தினோம்."

"எத்தனை பைல் அப்படிப் போனது?"

"ஒரு கரை முழுக்க சார். எதிர்க்கரையில் 21-லேயே முடிந்துவிட்டது."

அந்தப் பேச்சுதான் எங்கள் மேல் எல்லையை 30 மீட்டருக்கு நகர்த்தியது. மண்ணுக்கும் இதே போல ஒரு கதை இருந்தது. அருகில் உள்ள மண்குவாரிக்கு அனுமதி கிடைத்தால் கனமீட்டர் 300 ரூபாய்க்கு முடியும். கிடைக்காவிட்டால் தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும், 500 ரூபாய் ஆகும். நாங்கள் 350 என்று போட்டிருந்தோம்.

இனி ஒவ்வொரு உள்ளீட்டையும் அதன் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நகர்த்தி, மற்ற ஆறையும் அடிப்படை அளவிலேயே வைத்து, மொத்த மதிப்பீட்டை மறுபடியும் கணக்கிட்டோம். இங்கே ஒரு கவனம் தேவை. ஆழத்தை மாற்றும்போது துளையிடும் செலவை மட்டும் மாற்றினால் போதாது. கான்கிரீட், கம்பிக்கூடு, ரிக் வாடகை எல்லாம் சேர்ந்து நகர வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மீட்டர் பைலுக்கு 15,000 ரூபாய் வந்தது. 28 பைல்களுக்கும் ஒரு மீட்டர் கூடினால் 4.2 லட்சம்.

| உள்ளீடு | கீழ் – அடிப்படை – மேல் | குறைவு (லட்சம்) | கூடுதல் (லட்சம்) | வீச்சு |
|---|---|---|---|---|
| பைல் ஆழம், மீட்டர் | 20 – 22 – 30 | 8.4 | 33.6 | 42.0 |
| மண், ரூ/கனமீட்டர் | 300 – 350 – 500 | 6.0 | 18.0 | 24.0 |
| கம்பி, ரூ/டன் (120 டன்) | 57,000 – 62,000 – 70,000 | 6.0 | 9.6 | 15.6 |
| கூலி, லட்சம் | 86.4 – 90 – 97.2 | 3.6 | 7.2 | 10.8 |
| எம்-சாண்ட், ரூ/கனமீட்டர் (900 கனமீட்டர்) | 2,000 – 2,200 – 2,600 | 1.8 | 3.6 | 5.4 |
| மின்கம்பம் மாற்றுதல், லட்சம் | 4 – 6 – 9 | 2.0 | 3.0 | 5.0 |
| நீர் இறைத்தல், நாட்கள் (நாளுக்கு 12,000) | 30 – 45 – 70 | 1.8 | 3.0 | 4.8 |

இதை எக்செல்லில் வரைவது எளிது. கீழ் எல்லைச் செலவு ஒரு வரிசை, மேல் எல்லைச் செலவு ஒரு வரிசை என இரண்டையும் `Clustered Bar` ஆகப் போட்டு, `Series Overlap` 100% வைத்து, கிடை அச்சில் `Vertical axis crosses` என்பதில் `Axis value` 520 என்று கொடுத்தால், பட்டைகள் 520 கோட்டிலிருந்து இருபக்கமும் நீளும். வீச்சின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, `Categories in reverse order` தேர்ந்தெடுத்தால் நீளமான பட்டை மேலே வரும்.

பட்டைகளைச் சுவரில் ஒட்டியதும் கூட்டத்தின் பேச்சு மாறியது. கம்பி மூன்றாவது இடத்தில் இருந்தது. அதன் பட்டை பைல் பட்டையின் பாதிகூட இல்லை. இன்னும் சரியாகச் சொன்னால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது. உள்ளீடுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் மொத்தச் செலவின் நிச்சயமின்மையில் ஒவ்வொன்றின் பங்கு வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழு வீச்சுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஏறத்தாழ 2,777 வருகிறது. அதில் பைலுக்கு 1,764, அதாவது 64 சதவீதம். மண்ணுக்கு 21 சதவீதம். கம்பிக்கு 9 சதவீதம்கூட முழுதாக இல்லை. நாங்கள் பாதிக் கூட்டத்தை அதற்குத்தான் செலவிட்டிருந்தோம்.

இன்னொன்றும் அந்தச் சுவரில் தெரிந்தது. ஒவ்வொரு பட்டையும் 520 கோட்டின் இடப்பக்கம் குட்டையாகவும் வலப்பக்கம் நீளமாகவும் இருந்தது. ஏழிலும் அப்படியே. அடிப்படை எண் என்று நாங்கள் எழுதியிருந்தது நடுவில் இருக்கும் எண்ணே அல்ல, எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்றிரண்டு பட்டைகள் வலப்பக்கம் சாய்வது இயல்பு. எல்லாமே சாய்ந்தால் மதிப்பீடே குறைவாகப் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். வலப்பக்க நீளங்களைக் கூட்டினால் 78 லட்சம், இடப்பக்கம் 29.6 லட்சம். ஏழும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது என்பதால் 78 லட்சத்தை அப்படியே இருப்பு நிதியாக வைப்பது பொருத்தமில்லை. ஆனாலும் சாய்வின் திசையைப் புறக்கணிக்க முடியவில்லை.

இதுவரை பணம். நாட்களுக்கான வரைபடம்தான் எங்களை ஏமாற்றப் பார்த்தது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. அந்த மூடல் காலமான 135 நாட்கள்தான் ஆற்றுக்குள் வேலை செய்யக் கிடைக்கும் காலம். அதற்குள் இரண்டு தூண்களும் நீர்மட்டத்துக்கு மேல் எழும்பிவிட வேண்டும். எழும்பிவிட்டால் மேல்தள வேலையைத் தண்ணீர் ஓடும்போதும் செய்யலாம். எழும்பாவிட்டால் அடுத்த ஜனவரி வரை 230 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

எங்கள் திட்டப்படி பிப்ரவரி 5-ல் தொடக்கம். ரிக் இறங்கப் பாதையும் மேடையும் அமைக்க 12 நாட்கள். ரிக் இடக்கரையிலிருந்து வலக்கரை வரை வரிசையாக 28 பைல்களையும் போட்டுக்கொண்டே போகும். 616 மீட்டரை நாளுக்கு 15 மீட்டர் வீதம் துளைத்தால் 41 நாட்கள். கான்கிரீட் இறுகி பைல் தலை உடைக்க 10 நாட்கள். பைல் தலைகளை இணைக்கும் பைல் கேப்பும் அதன் மேல் தூண்களும் 35 நாட்கள். மொத்தம் 98 நாட்கள், மே 14-ல் முடியும். ஜூன் 12-க்கு 29 நாட்கள் மிச்சம்.

நிச்சயமில்லாதவை நான்கு. ரிக் போகும் வழி வயல்களைக் கடக்கிறது, சம்பா அறுவடை முடியாமல் வண்டியை இறக்க முடியாது. அதனால் தொடக்கம் பிப்ரவரி 25 வரை தள்ளலாம், 20 நாட்கள். ஆழம் 30 மீட்டரானால் துளையிடல் 56 நாட்கள் ஆகும், 15 நாட்கள் கூடுதல். ரிக் வேகம் நாளுக்கு 12 மீட்டராகக் குறைந்தால் 10 நாட்கள். தூண் வேலை 45 நாட்கள் ஆனால் 10 நாட்கள்.

வரைந்து பார்த்தால் நான்கு பட்டைகளும் 29 நாட்களுக்குள் அடங்கிவிட்டன. ஒன்றுகூட ஜூன் 12-ஐத் தொடவில்லை. இந்த வரைபடத்தை அப்படியே மேலே அனுப்பியிருந்தால், "காலத்தில் பெரிய ஆபத்து இல்லை" என்று கையெழுத்தாகி வந்திருக்கும். ஆனால் டொர்னாடோ ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டைத்தான் அசைக்கிறது. இரண்டை ஒன்றாக அசைத்துப் பாருங்கள். தொடக்கம் பிப்ரவரி 25, ஆழம் 30. மற்றவை அப்படியே. 12, 56, 10, 35 சேர்த்து 113 நாட்கள், ஜூன் 18. தனித்தனியாக 20 நாளும் 15 நாளுமாகத் தெரிந்தவை சேர்ந்தபோது 35 நாட்களோடு நிற்கவில்லை. 230 நாட்களாகிவிட்டன.

ஆழமும் ரிக் வேகமும் சேர்ந்தால் வேறொரு சிக்கலும் உண்டு. தனித்தனியாக 15 நாட்கள், 10 நாட்கள், கூட்டினால் 25. ஆனால் 840 மீட்டரை நாளுக்கு 12 மீட்டர் வீதம் துளைக்க 70 நாட்கள் ஆகும், கூடுதல் 29. ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் இடங்களில் விளைவுகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. களி அதிகமுள்ள இடத்தில் ஆழமும் கூடும், ரிக்கின் வேகமும் குறையும் என்பதால் இவை ஒன்றாகக் கெடவே வாய்ப்பு அதிகம்.

எங்கோ ஒரு கெடு இருக்கிறது, அதைத் தாண்டினால் இழப்பு ஒரேயடியாகக் குதிக்கும் என்றால், பட்டைகளைப் பார்த்தவுடன் முடிவுக்கு வரக்கூடாது. மேல் பட்டைகள் மூன்றையோ நான்கையோ இரண்டிரண்டாகச் சேர்த்துக் கெடுவோடு ஒப்பிட வேண்டும். நான்குக்கு ஆறு இணைகள்தான், அரைமணி நேர வேலை. எங்கள் ஆறு இணைகளில் தொடக்கத்தோடு சேர்ந்த மூன்றும் 30, 30, 35 நாட்கள், மூன்றுமே 29-ஐத் தாண்டின. ஆழமும் ரிக் வேகமும் சேர்ந்த இணை சரியாக 29-ல் வந்து நின்றது. கெடுவும் கல்லில் எழுதியதல்ல. 2022-ல் மேட்டூர் மே 24-லேயே திறக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்திருந்தோம்.

வரைபடம் காட்டிய இரண்டு இடங்களில் கை வைத்தோம். முதலாவது, ரிக்கின் வரிசை. இடக்கரையிலிருந்து வலக்கரைக்கு ஒரே போக்காகப் போவது ரிக்குக்கு வசதி, அவ்வளவுதான். கரைத்தாங்கிகளின் 16 பைல்களுக்குத் தண்ணீர் தடையில்லை. தூண்களின் 12 பைல்களை முதலில் போட்டுவிட்டால் கெடுவுக்குள் முடிய வேண்டியது 264 மீட்டர்தான், 18 நாட்கள். கரையில் ரிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆற்றுக்குள் தூண் வேலை நடக்கும். ரிக்கை ஒரு முறை கூடுதலாக நகர்த்த ஒன்றரை லட்சம் செலவு. இந்த வரிசையில் நான்கு உள்ளீடுகளும் ஒன்றாக மேல் எல்லைக்குப் போனாலும், பிப்ரவரி 25-லிருந்து 12, 30, 10, 45 என்று 97 நாட்கள், ஜூன் 2-ல் முடிந்துவிடும். ஆழத்தின் பட்டை 15 நாட்களிலிருந்து 6 நாட்களாகச் சுருங்கியது. மே 24-ல் தண்ணீர் வந்தால் இந்த மோசமான சேர்க்கை தாங்காது, ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் போனால் ஏப்ரல் 21-க்கே முடிந்திருக்கும்.

இரண்டாவது, ஆய்வுத்துளைகள். 42 லட்சம் வீச்சுள்ள பட்டைக்கு எங்களிடம் ஒரே துளையின் தகவல்தான் இருந்தது. டிசம்பரிலேயே வலக்கரையில் ஒன்று, வெற்று டிரம்களைக் கட்டிய மிதவையிலிருந்து தூண் இடங்களில் இரண்டு என மூன்று துளைகள் போட்டோம். மொத்தம் இரண்டரை லட்சம். இடக்கரையிலும் முதல் தூணிலும் 22 மீட்டர் போதும் என்று வந்தது. இரண்டாவது தூணிலும் வலக்கரையிலும் 19 மீட்டரிலிருந்து 26 மீட்டர் வரை சாம்பல்நிறக் களி, மேஸ்திரி சொன்னது போலவே. அங்கே 28 மீட்டர் வேண்டும். மொத்த நீளம் 616-லிருந்து 700 மீட்டரானது, 12.6 லட்சம் கூடுதல். நல்ல செய்தியல்ல. ஆனால் இனி ஆழத்தின் நிச்சயமின்மை இருபக்கமும் ஒரு மீட்டர்தான், பட்டை 42 லட்சத்திலிருந்து 8.4 லட்சமாகக் குறைந்தது. 12.6 லட்சத்தை ஜனவரியிலேயே மதிப்பீட்டில் ஏற்றினோம். ஏப்ரலில் ரிக் களியில் நிற்கும்போது அது தெரிய வந்திருந்தால் கம்பிக்கூடுகளின் நீளம் போதாமல் வேலை நின்றிருக்கும்.

அதன்பின் மேல் பட்டை மண்ணாகிவிட்டது. அதைத் தகவலால் சுருக்க முடியாது, அனுமதி கிடைக்குமா என்பது நம் கையில் இல்லை. எம்-சாண்டும் அதே லாரி வாடகையையும் டீசலையும் சார்ந்தது என்பதால் அந்த இரண்டு பட்டைகளும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும், 29.4 லட்சம் என்று ஒரே பட்டையாகத்தான் படிக்க வேண்டும். அதற்கு ஒரு இருப்பு நிதி ஒதுக்கினோம், இரண்டு இடங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தோம். கடைசியில் கனமீட்டர் 410 ரூபாய்க்கு முடிந்தது, 7.2 லட்சம் கூடுதல். கம்பிக்கு ஒதுக்கியது அப்படியே இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் டெல்டாவில் பருவம் தவறிய மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வயல்காரர்கள் நெல்லைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தபோது வழி கேட்டு நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை, கேட்டிருந்தாலும் அந்தச் சேற்றில் ரிக் இறங்கியிருக்காது. பிப்ரவரி 19-ல்தான் தொடங்கினோம். ரிக் நாளுக்கு 14 மீட்டர் ஓடியது. தூண்களின் 300 மீட்டரை 22 நாட்களில் முடித்தோம், தூண் வேலைக்கு 43 நாட்கள் பிடித்தது. மே 17-ல் இரண்டாவது தூண் நீர்மட்டக் குறியைத் தாண்டியது. பழைய வரிசையில் அதே வேகத்தில் 700 மீட்டரையும் துளைத்துவிட்டுத் தூணைத் தொட்டிருந்தால் ஜூன் 14 ஆகியிருக்கும். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது. நுரையோடு முதல் தண்ணீர் எங்கள் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனபோது வலக்கரையில் கரைத்தாங்கியின் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.